வீட்டில் நோய், கையில் முடியாத கேர் ஸ்டடி: அவகாசம் கேட்டுக் கடிதம் எழுதும் முறை

நர்சிங் மாணவி அவகாசம் கேட்கும் கடிதம் பெரும்பாலும் வீட்டு நிலைமையை ஒரு பக்கம் சொல்லி, கடைசி வரியில் "சில நாட்கள் அவகாசம் தருமாறு வேண்டுகிறேன்" என்று முடிகிறது. படிக்கும் ஆசிரியைக்கு இரக்கம் வரும், ஆனால் முடிவெடுக்கத் தேவையானது எதுவும் கிடைக்காது. அவர் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்றுதான்: நோயாளியிடம் செய்ய வேண்டிய வேலை முடிந்ததா, எழுத வேண்டியதில் எவ்வளவு மீதி, எந்தத் தேதியில் கைக்கு வரும். இந்த மூன்றும் கடிதத்தில் இருந்தால் வீட்டுக் காரணத்துக்கு நான்கு வரி போதும்.

இதற்குக் காரணம் கேர் ஸ்டடியின் இயல்பு. நூலகத்தில் உட்கார்ந்து எழுதும் அசைன்மென்ட்டை அடுத்த மாதமும் எழுதலாம். கேர் ஸ்டடி அப்படியல்ல. ஒரு நோயாளியைத் தேர்ந்தெடுத்து, சில நாட்கள் தொடர்ந்து பராமரித்து, வரலாறு கேட்டு, உடல் பரிசோதனை செய்து, கேர் பிளான் போட்டு, அதன்படி செய்ததை நர்ஸஸ் நோட்ஸில் எழுதி, பலன் என்ன என்று மதிப்பிடுவது வரை அந்த வார்டுக்குள் நடக்க வேண்டும். நோயாளி டிஸ்சார்ஜ் ஆகிவிட்டால் எடுக்காமல் விட்ட தகவலை எத்தனை நாள் அவகாசம் கொடுத்தாலும் எடுக்க முடியாது. அதனால் கடிதம் எழுத உட்காருவதற்கு முன் ஒரு கணக்கு பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில், கேட்க வேண்டியது அவகாசம்தானா?

கேர் ஸ்டடி நோட்டை விரித்து, அதில் உள்ளதை இரண்டாகப் பிரியுங்கள். நோயாளியிடமிருந்தும் கேஸ் ஷீட்டிலிருந்தும் மட்டுமே கிடைப்பது ஒரு பக்கம்: வரலாறு, உடல் பரிசோதனைக் குறிப்பு, அன்றாட வெப்பநிலை, நாடி, சுவாசம், ரத்த அழுத்தம், பரிசோதனை முடிவுகள், கொடுத்த மருந்தும் அளவும், ஒவ்வொரு நாளும் நீங்கள் செய்த பராமரிப்பு. புத்தகத்தை வைத்து எழுதக்கூடியது மறு பக்கம்: புக் பிக்சர், டிரக் ஸ்டடி, கேர் பிளானில் காரண விளக்கம், உடல்நலக் கல்வி, டிஸ்சார்ஜ் அறிவுரை.

முதல் பக்கம் நிறைந்திருந்தால் நீங்கள் கேட்க வேண்டியது எழுத அவகாசம். அதற்கான கடிதத்தைத்தான் கீழே முழுதாகப் பார்க்கப் போகிறோம்.

முதல் பக்கத்திலேயே ஓட்டை இருந்தால், உதாரணமாக ஐந்து நாள் பராமரிப்பு கேட்டிருக்க இரண்டாம் நாளே நீங்கள் ஊருக்குக் கிளம்ப வேண்டி வந்தால், தேதியை நீட்டிக் கேட்பது பயனில்லை. திரும்பி வந்ததும் வேறு நோயாளியைத் தேர்ந்தெடுக்க அனுமதியும், அதற்கேற்ற புதிய தேதியும் கேட்க வேண்டும். பல மாணவிகள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். அவகாசம் மட்டும் வாங்கிவிட்டு, விடுபட்ட மூன்று நாட்களுக்கான நர்ஸஸ் நோட்ஸை யோசித்து எழுதிவிடுகிறார்கள். இது எளிதில் பிடிபடும். நோட்ஸில் நான்காம் நாள் டிரெஸ்ஸிங் செய்ததாக இருக்கும், வார்டு ரிஜிஸ்டரில் அந்த நோயாளி மூன்றாம் நாளே டிஸ்சார்ஜ் ஆகியிருப்பார். டாக்டர் நிறுத்திவிட்ட ஆன்டிபயாடிக்கை மாணவி கடைசி நாள் வரை கொடுத்திருப்பார். ஐந்து நாளும் நாடி 78, 80, 78 என்று நூல் பிடித்தாற்போல் ஓடும். தாமதத்துக்கு மதிப்பெண் குறையலாம், அவ்வளவுதான். செய்யாத பராமரிப்பைச் செய்ததாக எழுதுவது பொய்ப் பதிவு, அதன் விளைவு வேறு.

இன்னொன்று, ஊருக்குக் கிளம்பும் முன்பே செய்ய வேண்டியது. டிஸ்சார்ஜ் ஆன நோயாளியின் கேஸ் ஷீட் வார்டில் தங்காது, மருத்துவப் பதிவேட்டுப் பிரிவுக்குப் போய்விடும். பிறகு அதைப் பார்க்கத் தனி அனுமதிக் கடிதம் எழுதி அலைய வேண்டும். ஆகவே பையைக் கட்டும் முன் ரத்தப் பரிசோதனை அளவுகள், மருந்தின் அளவு, கொடுத்த வழி, நேரம் எல்லாம் நோட்டில் ஏறிவிட்டனவா என்று ஒருமுறை சரிபாருங்கள். ஏறவில்லை என்றால் வார்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டு, அங்கேயே உட்கார்ந்து கையால் எழுதிக்கொள்ளுங்கள். கேஸ் ஷீட்டை மொபைலில் படம் எடுக்காதீர்கள்.

ஒரு கணக்கு

ஈரோடு பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் செமஸ்டர் படிக்கும் மாணவி என்று வைத்துக்கொள்வோம். சொந்த ஊர் கோபிசெட்டிபாளையத்துக்கு அருகில் ஒரு தோட்டம். அடல்ட் ஹெல்த் நர்சிங் பாடத்துக்கு, சர்க்கரை நோயால் காலில் புண் வந்த நோயாளியை நவம்பர் 3 முதல் 7 வரை பராமரித்திருக்கிறார். நோயாளி 8-ம் தேதி வீட்டுக்குப் போய்விட்டார். கேர் ஸ்டடி கொடுக்கக் கடைசி நாள் 17. 12-ம் தேதி இரவு மாணவியின் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பெருந்துறையில் சேர்த்திருக்கிறார்கள். தம்பி பத்தாம் வகுப்பு. அம்மா மருத்துவமனைக்கும், மாடு கன்று இருக்கும் தோட்டத்துக்குமாக ஓட வேண்டும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் சித்தப்பாவுக்கு 17-ம் தேதியிலிருந்துதான் லீவு கிடைக்கும். அதுவரை அப்பா பக்கத்தில் இருக்க இவரைத் தவிர ஆள் இல்லை.

கேர் ஸ்டடியில் மீதி என்ன? ஐந்து நர்சிங் டயக்னாசிஸில் மூன்றுக்குக் கேர் பிளான் எழுதியாயிற்று: புண்ணால் தோல் சிதைவு, வலி, தொற்று அபாயம். சர்க்கரை அளவு நிலையில்லாமை, கால் பராமரிப்பு பற்றிய அறிவுக்குறை என்ற இரண்டும் பாக்கி. ஒன்றுக்கு ஒன்றரை மணி நேரம் வீதம் 3 மணி. ஆறு மருந்துகளில் இரண்டுக்கு டிரக் ஸ்டடி எழுத 2 மணி. புக் பிக்சரையும் பேஷண்ட் பிக்சரையும் ஒப்பிட்டு எழுத 3 மணி. உடல்நலக் கல்வியும் டிஸ்சார்ஜ் அறிவுரையும் 2 மணி. சீராக்கி எழுதி முடிக்க 2 மணி. மொத்தம் 12 மணி நேரம்.

வார்டு போஸ்டிங்குக்குப் போய்க்கொண்டே ஒரு நாளைக்கு உண்மையாக எழுதக் கிடைப்பது 2 மணி நேரம்தான். நைட் டியூட்டி இருந்தால் அதுவும் இல்லை. 17-ல் தொடங்கினால் 22 வரை ஆறு நாளில் 12 மணி நேரம். 23-ல் ஆசிரியை ஒருமுறை பார்த்துத் திருத்தம் சொல்ல இடம். 24-ல் சமர்ப்பிப்பு. ஆக அவர் கேட்க வேண்டியது நவம்பர் 24, அதாவது ஏழு நாள். இப்படிக் கணக்குப் போட்டு வரும் தேதிக்கு ஒரு பலம் உண்டு: "ஏன் ஏழு நாள், நாலு நாள் போதாதா?" என்று கேட்டால் பதில் இருக்கும்.

கேட்கும் முன், இன்டர்னல் மதிப்பெண்ணை அந்தப் பாடத்துக்கு எப்போது முடிக்கிறார்கள் என்று வகுப்பு ஒருங்கிணைப்பாளரிடம் விசாரித்துவிடுங்கள். ஆசிரியையின் கை அந்தத் தேதி வரைதான் நீளும். அதைத் தாண்டிய தேதியைக் கேட்டால், மனமிருந்தாலும் அவரால் கையெழுத்துப் போட முடியாது.

கடிதத்துக்கு முன் ஒரு ஃபோன்

செய்தி தெரிந்த அன்றே பாட ஆசிரியைக்குச் சொல்லிவிட வேண்டும், கடிதம் மறுநாள் போகலாம். ஃபோனில் முழுக்கதை வேண்டாம்:

"வணக்கங்க மேம், மூணாவது செமஸ்டர்லிருந்து பேசறேனுங்க. நேத்து ராத்திரி அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து பெருந்துறையில அட்மிட் பண்ணியிருக்கோமுங்க. கேர் ஸ்டடிக்கு பேஷண்ட் டேட்டா எல்லாம் எடுத்துட்டேன், எழுதறதுல கொஞ்சம் பாக்கிங்க மேம். 24-ம் தேதி வரைக்கும் டைம் கேட்டு லெட்டர் தரலாமுங்களா?"

"சரி கண்ணு, முதல்ல அப்பாவப் பாரு. லெட்டர எழுதி ஹெச்.ஓ.டி. மேமுக்குப் போடு, என் வழியா குடு" என்று பதில் வந்தால் யாருக்கு எழுத வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது. எடுக்கவில்லை என்றால் இதையே வாட்ஸ்அப்பில் நான்கு வரியாக அனுப்பலாம். ஆனால் வாட்ஸ்அப் தகவல் சொல்வதற்கு மட்டும்தான், கோப்பில் நிற்பது கடிதம். "மேம் ஓகே சொன்னாங்க" என்று தோழி வழியாக வந்த வார்த்தையை நம்பிக் கடிதம் கொடுக்காமல் விட்டவர்கள், மதிப்பெண் போடும் நாளில் காட்ட ஒரு தாளும் இல்லாமல் நிற்கிறார்கள்.

கடிதம்

சில கல்லூரிகளில் ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள். அப்போதும் வரிசை இதுவே.

> அனுப்புநர்
> (பெயர்), பதிவெண் (…),
> பி.எஸ்சி. நர்சிங், மூன்றாம் செமஸ்டர்,
> (கல்லூரி, ஊர்).
>
> பெறுநர்
> துறைத் தலைவர் அவர்கள்,
> மருத்துவ அறுவை சிகிச்சைச் செவிலியத் துறை,
> (கல்லூரி, ஊர்).
>
> வழி: பாட ஆசிரியை அவர்கள்
>
> பொருள்: அடல்ட் ஹெல்த் நர்சிங் கேர் ஸ்டடி சமர்ப்பிக்கும் தேதியை நவம்பர் 17-லிருந்து 24-க்கு நீட்டித்துத் தர வேண்டுதல்.
>
> மதிப்பிற்குரிய அம்மா,
>
> மேற்கண்ட கேர் ஸ்டடியை நவம்பர் 17-க்குள் நான் சமர்ப்பிக்க வேண்டும். என் தந்தை நவம்பர் 12 இரவு பக்கவாதத்தால் பெருந்துறையில் உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டுள்ளார். 16-ம் தேதி வரை அவருடன் இருக்க வீட்டில் வேறு ஆள் இல்லை. 17 முதல் என் சித்தப்பா பார்த்துக்கொள்வார், அன்று முதல் நான் வகுப்புக்கும் வார்டுக்கும் வந்துவிடுவேன்.
>
> சர்க்கரை நோயால் பாதப் புண் உள்ள நோயாளிக்கு நவம்பர் 3 முதல் 7 வரை பராமரிப்பு அளித்து முடித்துவிட்டேன். வரலாறு, உடல் பரிசோதனை, பரிசோதனை முடிவுகள், ஐந்து நாள் நர்ஸஸ் நோட்ஸ் ஆகியவை முழுமையாக உள்ளன. ஐந்தில் மூன்று கேர் பிளான்களும், ஆறில் நான்கு டிரக் ஸ்டடிகளும் எழுதியாயிற்று. எஞ்சிய இரண்டு கேர் பிளான்கள், இரண்டு டிரக் ஸ்டடிகள், நோய் ஒப்பீடு, உடல்நலக் கல்வி, டிஸ்சார்ஜ் அறிவுரை ஆகியவற்றை 22-க்குள் முடித்து, 23-ல் பாட ஆசிரியையின் திருத்தத்துக்குக் காட்டி, 24-ல் சமர்ப்பிக்கிறேன்.
>
> ஆகவே நவம்பர் 24 வரை அவகாசம் அளிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். நவம்பர் 13 முதல் 16 வரையிலான விடுப்புக்குத் தனிக் கடிதம் கொடுத்துள்ளேன்.
>
> இணைப்பு: தந்தையின் அட்மிஷன் சீட்டு நகல்.
>
> இப்படிக்கு,
> தங்கள் உண்மையுள்ள,
> (கையொப்பம், பெயர்)
> இடம்: ஈரோடு
> நாள்: நவம்பர் 13

பொருள் வரியிலேயே பழைய தேதி, புதிய தேதி இரண்டும் இருப்பதைக் கவனியுங்கள். கத்தை கத்தையாகக் கடிதம் வரும் மேசையில் பொருள் வரியை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்திடும் நாட்களும் உண்டு. இரண்டாம் பத்திதான் கடிதத்தின் உயிர். அதில் "கிட்டத்தட்ட முடித்துவிட்டேன்" என்று எழுதாமல் எண்ணிச் சொல்லியிருப்பதால், ஆசிரியை நினைத்தால் அன்றே நோட்டைக் கேட்டுப் பார்க்கலாம். ஆகவே எழுதாததை எழுதியதாகக் கணக்குக் காட்டாதீர்கள்.

நோயாளியின் பெயர், ஐ.பி. எண், ஊர், படுக்கை எண் எதுவும் கடிதத்தில் இல்லை. முதல் எழுத்துகள்கூட வேண்டாம். இந்தக் கடிதம் அலுவலகம் வரை கைமாறிப் போகும். நோயின் பெயரும் பராமரித்த நாட்களும் இருந்தால் எந்தக் கேர் ஸ்டடி என்று ஆசிரியைக்குத் தெரியும்.

வீட்டு நோயைப் பற்றி எவ்வளவு சொல்வது

யாருக்கு, எப்போது, எங்கே சேர்த்திருக்கிறார்கள், ஏன் நீங்கள் அங்கே தேவை. இவ்வளவுதான். "குடும்பச் சூழ்நிலை காரணமாக", "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று எழுதினால் எதையோ மறைப்பது போலத் தோன்றும். மாறாக சி.டி. ஸ்கேன் முடிவு, எந்த ரத்தக் குழாய் அடைபட்டது, டாக்டர் சொன்னது என்று போனால் அப்பாவின் அந்தரங்கம் கோப்பில் ஏறிவிடும். நோயின் பெயரைச் சொல்ல வீட்டாருக்கு விருப்பமில்லை என்றால் "திடீர் உடல்நலக் குறைவால் உள்நோயாளியாக" என்பதே போதும், மனநோய், கருக்கலைவு போன்றவற்றில் அதுதான் நல்லது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு: தொற்றுநோய். வீட்டில் சின்னம்மை வந்திருந்தால் அதை ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லியே ஆக வேண்டும். கிருமி தொற்றி 10 முதல் 21 நாட்களுக்குள் நோய் வெளிப்படும். கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே அது பிறருக்குப் பரவத் தொடங்கிவிடும். உங்களுக்கு முன்பு சின்னம்மை வந்ததில்லை, தடுப்பூசியும் போடவில்லை என்றால், நன்றாக இருக்கிறோம் என்று பிரசவ வார்டுக்கோ குழந்தைகள் வார்டுக்கோ போய் நிற்கக் கூடாது. அப்போது கேர் ஸ்டடியின் தேதியோடு போஸ்டிங்குக்குத் திரும்பும் தேதியும் சேர்ந்தே மாறும்.

உடல்நலம் குன்றியவர் அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர் என்றால் யாரும் அதிகம் கேட்பதில்லை. அப்பாருக்கோ அமுச்சிக்கோ என்றால் "பேத்திதான் பார்க்க வேண்டுமா?" என்ற கேள்வி வரும். "சிறுவயது முதல் என்னை வளர்த்தவர், வீட்டில் வேறு பெண் துணை இல்லை" என்று ஒரு வரி முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள்.

ஆதாரத்துக்கு அட்மிஷன் சீட்டின் நகல் போதும், ரிப்போர்ட் கத்தை வேண்டாம். சீட்டு இன்னும் கையில் இல்லை என்றால் அதற்காகக் கடிதத்தை நிறுத்தி வைக்காதீர்கள். "டிஸ்சார்ஜ் சம்மரி கிடைத்ததும் நகல் சமர்ப்பிக்கிறேன்" என்று எழுதி, சொன்னபடி கொடுங்கள். நீங்கள் போஸ்டிங் பார்க்கும் அதே மருத்துவமனையில் அப்பா சேர்ந்திருந்தால், யூனிஃபார்மில் போய் அவருடைய கேஸ் ஷீட்டைப் புரட்டுவதோ அதிலிருந்து நகல் எடுப்பதோ கூடாது. அங்கே நீங்கள் நோயாளியின் உறவினர், மற்ற உறவினர்கள் கேட்கும் வழியில்தான் கேட்க வேண்டும்.

அவகாசம் வேறு, விடுப்பு வேறு

இரண்டையும் ஒரே கடிதத்தில் கேட்பது அடிக்கடி நடக்கும் தவறு. கேர் ஸ்டடி தேதியைத் துறை முடிவு செய்யும். விடுப்பு முதல்வர் வழியாகவும், ஹாஸ்டல் மாணவி என்றால் வார்டன் வழியாகவும் போகும். ஒன்றாக எழுதினால் கடிதம் ஒரு கோப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும், மற்றது நடக்காது.

தேதி நீட்டித்துக் கிடைத்ததால் வருகைப் பதிவு சரியாகிவிடாது. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி தேர்வெழுத, எந்தக் காரணத்துக்காக விடுப்பு எடுத்திருந்தாலும், தியரியிலும் பிராக்டிகலிலும் 80 சதவீத வருகை வேண்டும். பட்டம் பெறும் முன் பிராக்டிகல் வருகை 100 சதவீதம் நிறைந்திருக்க வேண்டும். ஆகவே 13 முதல் 16 வரை விடுபட்ட வார்டு நாட்களை எப்போது ஈடுசெய்யலாம் என்று விடுப்புக் கடிதத்திலேயே கேட்டு வைத்தால், செமஸ்டர் கடைசியில் எல்லாரும் ஈடுசெய்ய நெருக்கும்போது நீங்கள் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள்.

கடைசி நாள் தாண்டிய பிறகு எழுதுவதென்றால்

அப்பா ஐ.சி.யு.வில் இருக்கும்போது தேதி நினைவுக்கு வராமல் போகலாம். அப்போதும் கடிதம் உண்டு, ஆனால் அமைப்பு கொஞ்சம் மாறும். பொருள் வரியில் "தாமதமாகச் சமர்ப்பிக்க அனுமதி வேண்டுதல்" என்று போடுங்கள். முதல் பத்தியில், முன்கூட்டியே சொல்ல முடியாமல் போன காரணத்தை ஒரே வரியில் தேதியோடு சொல்லுங்கள். முடிந்தவரை எழுதிய கேர் ஸ்டடியைக் கடிதத்தோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். பழைய தேதியிட்டுக் கடிதம் கொடுப்பதை மட்டும் செய்யாதீர்கள், அலுவலகத்தில் கடிதம் வந்த நாளில்தான் முத்திரை விழும்.

கையெழுத்து வாங்கிய பிறகு

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்று துறையில் தங்கும். மற்றதில் "24-11 வரை அனுமதிக்கப்படுகிறது" என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் ஊரிலிருந்தால் தோழி கொடுக்கலாம், கையெழுத்தான பிரதியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஆசிரியை ஏழு நாளுக்குப் பதில் நான்கு நாள்தான் தந்தார் என்றால் வாதாட வேண்டாம். 21-க்குள் கேர் பிளான், டிரக் ஸ்டடி இரண்டையும் முடித்துக் கொடுத்துவிட்டு, மற்றவற்றை 24-ல் தரலாமா என்று கேளுங்கள். பகுதியாக வாங்கிக்கொள்ளும் ஆசிரியைகள் உண்டு.

அப்பாவின் நிலைமை மோசமாகி 24-ம் தாண்டும் என்று தோன்றினால் 22-லேயே சொல்லிவிடுங்கள். இரண்டாவது கடிதத்தில் முதல் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு, அதன்பின் என்னென்ன முடிந்தது என்று பழைய பட்டியலையே வைத்துக் காட்டுங்கள். பட்டியலில் ஒன்றும் நகரவில்லை என்றால் மூன்றாவது முறை கேட்க வழியிருக்காது. அப்போது அடுத்த போஸ்டிங்கில் புதிய நோயாளியை எடுத்துச் செய்ய அனுமதி கேட்பதே சரியான வழி.

சமர்ப்பிக்கும் நாளில் அனுமதிப் பிரதியின் நகலை அட்டைப் பக்கத்துக்கு அடுத்த தாளாகச் சேர்த்துத் தையுங்கள். திருத்துபவர் வேறு ஆசிரியையாக இருந்தால், தாமதத்துக்கு மதிப்பெண் கழிக்கும் முன் அது அவர் கண்ணில் படும்.